படுக்கையில் புரண்டால் சுழலும் அறை

தலைசுற்றுகிறது என்று வருபவரிடம் அந்தச் சுற்றல் எப்படி இருக்கிறது என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பது அரிது. ஒருவர் கிறுகிறுப்பு என்பார், இன்னொருவர் மயக்கம் வருவதுபோல என்பார், மூன்றாமவர் பித்தம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். பத்து நிமிடம் கழித்து அதே கேள்வியைக் கேட்டால் அவரே வேறு பதில் சொல்வார். என்ன செய்தபோது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கு வரும் பதில் அப்படி மாறுவதில்லை. அந்த இரண்டு பதில்களிலேயே நோயின் பெயர் பாதிக்குமேல் தெரிந்துவிடும்.

காது மூக்கு தொண்டை மருத்துவரின் அறையில் அடிக்கடி காணக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது அறுபதுக்கு மேல், ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒருநாள் விடியற்காலையில் படுக்கையில் திரும்பியபோது அறையே சுழன்று, வாந்தியும் எடுத்துவிட்டார். பிரஷராக இருக்கும் என்று வீட்டார் அழைத்துப் போனார்கள். பிரஷர் சரியாக இருந்தது, இ.சி.ஜி. சரி, தலை ஸ்கேனும் சரி. கழுத்து எக்ஸ்ரேயில் மட்டும் எலும்புத் தேய்மானம் தெரிந்ததால் கழுத்துப் பட்டையும் மாத்திரைகளும் கொடுத்தார்கள். சுற்றல் நிற்கவில்லை.

"என்னம்மா பண்ணுது?"

"தலை சுத்துது டாக்டர். நாள் பூரா ஒரு மாதிரியாவே இருக்கு."

"நாள் பூராவுமா சுத்துது?"

"சுத்துறது அப்பப்பதான். எப்ப வருமோன்னு பயம்தான் நாள் பூரா."

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"இன்னிக்கு விடிகாலையில. அலாரத்தை அணைக்கலாம்னு வலது பக்கம் புரண்டேன். ஃபேன், பீரோ எல்லாம் சேர்ந்து சுத்திருச்சு."

"இடது பக்கம் புரண்டா?"

"அந்தப் பக்கம் அவ்வளவா இல்ல. ஆனா மேல் ஷெல்ஃப்ல டப்பா எடுக்க அண்ணாந்து பார்த்தாலும் வருது."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும் டாக்டர்."

இந்த ஐந்து நிமிடத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. அறை சுழல்வது பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் நின்றுவிடும். பிறகு நீடிப்பது குமட்டலும் படபடப்பும். மற்றபடி அவர் சொன்னதில் எல்லாமே இருக்கிறது. தலையின் நிலை மாறினால் வருகிறது, அசையாமல் இருந்தால் நிற்கிறது, ஒரு பக்கத்துக்குத்தான் அதிகம். இதன் மருத்துவப் பெயர் பினைன் பராக்சிஸ்மல் பொசிஷனல் வெர்டிகோ. மருத்துவர்கள் சுருக்கமாகப் பி.பி.பி.வி. என்பார்கள். சுழற்சி உணர்வோடு வரும் தலைசுற்றலான வெர்டிகோவுக்கு மிகப் பரவலான காரணங்களில் ஒன்று இது.

சாதாரணத் தலைசுற்றலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கேயே பார்த்துவிடலாம், ஏனென்றால் காலையில் படுக்கையை விட்டு எழும்போது இரண்டுமே வரும். திடீரென எழுந்து நின்றதும் கண் இருட்டி, கால் தள்ளாடி, விழப்போவதுபோல இருந்தால் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால் அதை நிலைமாற்றக் குறையழுத்தம் என்கிறார்கள். பிரஷர் மாத்திரை, நீர்ச்சத்துக் குறைவு, நீண்டகாலச் சர்க்கரை நோய் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் படுத்தபடியே பக்கம் புரள்வதால் யாருக்கும் ரத்த அழுத்தம் இப்படி இறங்காது. எனவே எழும்போது வருகிறதா என்று கேட்பதைவிட, எழாமலே புரண்டால் வருகிறதா, உட்கார்ந்திருந்து படுக்கப்போகும்போது வருகிறதா என்று கேட்பது நல்லது. இரண்டுக்கும் ஆமாம் என்றால் காதைப் பார்க்க வேண்டும்.

காது என்றால் கேட்கும் பகுதி அல்ல. உட்காதில் கேட்கும் உறுப்பை ஒட்டியே சமநிலைக்கான உறுப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று யூட்ரிக்கிள் என்ற சிறு பை. அதன் தரையில் ஒரு கூழ்மப் படலம், அதன்மேல் ஆயிரக்கணக்கான நுண்ணிய கால்சியம் கார்பனேட் படிகங்கள். சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள்தான். ஒரு படிகத்தின் நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. சுற்றியுள்ள திரவத்தைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு அடர்த்தி கொண்டவை. தலையைச் சாய்த்தால் இவற்றின் எடை அந்தப் படலத்தை ஒரு பக்கமாக இழுக்கும், அடியிலுள்ள மயிர்ச்செல்கள் வளையும், தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குத் தெரியும். படிகங்கள் இருக்க வேண்டிய இடம் இந்தப் பைதான்.

இந்தப் பையிலிருந்து மூன்று அரைவட்டக் குழாய்கள் கிளம்பி, வளைந்து, மறுபடி அதிலேயே வந்து சேர்கின்றன. மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தான தளங்களில் அமைந்தவை. உள்ளே இருக்கும் திரவக் குழலின் விட்டம் சுமார் 0.3 மில்லிமீட்டர். தலை திரும்பும்போது குழாயும் கூடவே திரும்பும், ஆனால் உள்ளிருக்கும் திரவம் சற்றுப் பின்தங்கும். குழாயின் ஒரு முனையில் அதன் குறுக்குவெட்டை முழுவதுமாக அடைத்து நிற்கும் கப்புலா என்ற மெல்லிய தடுப்பு அதனால் வளையும். மூளை அதைத் தலை திரும்புகிறது என்று படித்துக்கொள்ளும், கண்களை எதிர்ப்பக்கம் நகர்த்தும். ஓடிக்கொண்டே பெயர்ப்பலகையைப் படிக்க முடிவது இதனால்தான்.

கப்புலாவின் அடர்த்தியும் திரவத்தின் அடர்த்தியும் ஒன்றே. ஆகவே அது மிதக்கவும் செய்யாது, தாழவும் செய்யாது. தலையை எப்படிச் சாய்த்து வைத்தாலும் ஈர்ப்பு விசை அதை அசைக்காது. குழாய்களுக்குச் சுழற்சி மட்டும்தான் தெரியும், சாய்வு தெரியாது. இந்த வேலைப் பிரிவினை கெடும்போதுதான் நம் ஆசிரியைக்கு வந்த தொல்லை தொடங்குகிறது. யூட்ரிக்கிளிலிருந்து உதிர்ந்த படிகங்கள் ஒரு குழாய்க்குள் புகுந்துவிட்டால், ஈர்ப்புக்கு மசியாத குழாய் மசிய ஆரம்பித்துவிடும். தலையைச் சாய்த்ததும் படிகத்திரள் கீழ்நோக்கிச் சரியும், சரியும்போது திரவத்தையும் தன்னோடு இழுக்கும், கப்புலா வளையும். தலை அசையாமல் இருக்கிறது, ஒரு காது மட்டும் தலை சுழல்வதாகச் சொல்கிறது. மூளை அந்தக் காதை நம்பிக் கண்களை நகர்த்துகிறது, அறை சுழல்கிறது.

படிகங்கள் பெரும்பாலும் புகுவது பின்புறக் குழாயில். காரணம் வடிவியல்தான். நாம் நிமிர்ந்திருக்கும்போது மூன்று குழாய்களில் மிகத் தாழ்வாக இருப்பது அது, மல்லாந்து படுத்தாலும் அப்படியே. அதன் கீழ் முனையைக் கப்புலா அடைத்திருக்கிறது, அந்த வழியாக எதுவும் வெளியேற முடியாது. திறந்திருக்கும் மறுமுனை மேலே இருக்கிறது. அங்கே பின்புறக் குழாயும் மேற்புறக் குழாயும் ஒரே பொதுத்தண்டாக இணைந்து யூட்ரிக்கிளில் திறக்கின்றன. உள்ளே விழுந்த படிகம் தானாக அவ்வளவு உயரம் ஏறாது.

இந்த நோயை முதலில் தெளிவாக விவரித்தவர் வியன்னாவில் பிறந்த ராபர்ட் பாரனி. உட்காதின் சமநிலை உறுப்பு பற்றிய ஆய்வுக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். பரிசுச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதி. 1921-இல் அவர் 27 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார். வலப்பக்கம் படுத்தால் மட்டும் அவருக்குச் சுற்றியது, கண்கள் சுழன்று துடித்தன, அரை நிமிடத்தில் நின்றது. உடனே மறுபடி அதே பக்கம் திருப்பினால் வரவில்லை. சிறிது நேரம் வேறு நிலையில் கிடந்துவிட்டுத் திருப்பினால் வந்தது. படிகம் நகர்ந்து பரவிவிட்டால் உடனடியாக மறுபடி திரளாது என்று இன்று நாம் விளக்கும் அத்தனையும் அந்தச் சிறு குறிப்பில் இருக்கிறது. யூட்ரிக்கிள் பழுதுபட்டிருக்கும் என்று பாரனி நினைத்தார், குழாயை அவர் சந்தேகிக்கவில்லை.

1952-இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் இருவரும் இதற்கான சோதனையை வகுத்தார்கள். இன்றும் அது அவர்கள் பெயராலேயே அறியப்படுகிறது. கருவி எதுவும் வேண்டாம், ஒரு கட்டில் போதும். நம் ஆசிரியைக்கு வலப்பக்கச் சந்தேகம் என்பதால் அவரைக் கட்டிலில் கால் நீட்டி உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, அப்படியே வேகமாகப் பின்னால் படுக்க வைக்கிறார் மருத்துவர். தலை கட்டில் விளிம்பைத் தாண்டி 20 பாகை அளவுக்குத் தொங்க வேண்டும், மருத்துவரின் கைகள் அதைத் தாங்கியிருக்கும். கண்ணை மூடக்கூடாது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். சுற்றத் தொடங்கியதும் எல்லோரும் மூடத்தான் பார்ப்பார்கள், ஆனால் விடை கண்ணில்தான் இருக்கிறது.

முதல் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. திரண்டு கிடக்கும் படிகம் நகரத் தொடங்கி, அகன்ற இடத்தைக் கடந்து, குறுகிய குழாய்க்குள் வந்தால்தான் திரவம் தள்ளப்படும். பிறகு கண்மணிகள் வெட்டி வெட்டித் துடிக்கும். துடிப்பு நெற்றிப்பக்கமாக மேலே போகும், அதோடு கண்ணின் மேல்விளிம்பு கீழே இருக்கும் வலக்காதை நோக்கிச் சுழலும். சில நொடிகளில் உச்சத்துக்குப் போய்த் தேய்ந்து, பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் நின்றுவிடும். படிகம் குழாயில் நொடிக்குச் சுமார் 0.2 மில்லிமீட்டர் இறங்கும் என்பது கணக்கிட்டவர்கள் சொல்வது. குழாயின் வளைவில் நாலைந்து மில்லிமீட்டர் இறங்கி அடியைத் தொட இருபது நொடி சொச்சம் ஆகும். கண்ணில் கண்ட நேரமும் இதுவும் பொருந்திவருகின்றன. எழுப்பி உட்கார வைத்தால் துடிப்பு எதிர்த்திசையில் ஒருமுறை வந்துபோகும், படிகம் திரும்பி விழுகிறது.

தாமதம், திசை, கால அளவு மூன்றும் இப்படி அமைந்தால் ஸ்கேன் தேவைப்படாது. ஸ்கேனில் இந்தப் படிகம் தெரியவும் தெரியாது. கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்ததே என்றால், அந்த வயதில் பெரும்பாலானோருக்கு எக்ஸ்ரே எடுத்தால் அது தெரியும், சுற்றல் இல்லாதவர்களுக்கும் தெரியும். தலைசுற்றலைக் கழுத்தெலும்பின்மேல் போடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கழுத்துப் பட்டை போட்டவருக்குச் சுற்றல் குறைவதும் உண்டு. தலையை அண்ணாந்து பார்க்க முடியாமல் அது பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

படிகம் தளர்வாகக் குழாயில் மிதக்கிறது என்றால் அதை ஈர்ப்பு விசையாலேயே வெளியே கொண்டுவரலாமே என்று யோசித்தவர் அமெரிக்காவின் போர்ட்லந்தைச் சேர்ந்த ஜான் எப்லி. 1980-இல் ஒரு மருத்துவ மாநாட்டில் தன் முறையைக் காட்டினார், சக மருத்துவர்கள் நம்பவில்லை. நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சை வரை போய்ப் பார்த்த ஒரு நோயைத் தலையைத் திருப்பியே தீர்க்கலாம் என்றால் யாருக்கும் நம்பத் தோன்றாது. அவர் கட்டுரை 1992-இல்தான் வெளிவந்தது. அதே ஆண்டில் கனடாவின் லோர்ன் பார்ன்ஸும் ஜோசப் மெக்ளூரும், அறுவை சிகிச்சையில் திறந்த பின்புறக் குழாய்க்குள் மிதக்கும் துகள்களைக் கண்ணால் பார்த்ததை எழுதினார்கள்.

கண்ணாடி மூடிய பெட்டியை ஆட்டி ஆட்டி உள்ளிருக்கும் குண்டை வழி கண்டுபிடித்து வெளியே உருட்டும் சிறுவர் விளையாட்டுதான் எப்லி முறை. குழாயின் தளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் படிகம் முன்னோக்கி மட்டுமே விழும்படி தலையைத் திருப்ப வேண்டும்.

நம் ஆசிரியைக்குச் செய்தது இப்படி. டிக்ஸ்–ஹால்பைக் சோதனையின் கடைசி நிலையே இதன் முதல் நிலை: மல்லாந்து, தலை தொங்கி, முகம் 45 பாகை வலப்பக்கம். துடிப்பு நின்று, மேலும் சிறிது நேரம் சேர்த்து, மொத்தம் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் அப்படியே. படிகம் குழாயின் நடுப்பகுதிக்கு வந்திருக்கும். அடுத்து, தொங்கும் நிலையை விடாமல், தலையை 90 பாகை இடப்பக்கம் திருப்பினார் மருத்துவர், முகம் இப்போது 45 பாகை இடப்பக்கம். மறுபடி அதே காத்திருப்பு. படிகம் பொதுத்தண்டை நெருங்குகிறது. மூன்றாவதாக, "இடது தோள்மேல ஒருக்களிச்சுப் படுங்கம்மா" என்று உடம்பைப் புரளச் சொல்லி, அதோடு தலையையும் இன்னும் 90 பாகை திருப்பினார். இப்போது முகம் தரையைப் பார்க்கிறது, மூக்கு நேர்கீழே இல்லாமல் கொஞ்சம் சாய்ந்து. இந்த நிலையில்தான் பொதுத்தண்டின் வாய் கீழ்நோக்கித் திறக்கும், படிகம் யூட்ரிக்கிளுக்குள் விழும். கடைசியாக, தாடை நெஞ்சை நோக்கித் தாழ்ந்தபடியே மெதுவாக எழுப்பி உட்கார வைத்தார். அந்தக் கணத்தில் சிலருக்குக் கீழே பிடித்துத் தள்ளியதுபோல ஒரு உணர்வு வரும், அதனால் தோளைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மொத்தமும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சரியாகச் செய்தால் ஒரே அமர்விலேயே ஐந்தில் நான்கு பேருக்கு நின்றுவிடுகிறது. மற்றவர்களுக்கு மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

வேலை நடக்கிறதா என்பதை இடையிலேயே அறிய ஒரு வழி உண்டு. இரண்டாம் நிலையிலும் மூன்றாம் நிலையிலும் முதலில் கண்ட அதே திசையிலேயே கண் துடித்தால் படிகம் வெளிவாசலை நோக்கிப் போகிறது. எதிர்த்திசையில் துடித்தால் கப்புலாப் பக்கம் திரும்பி விழுந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். திரும்பி விழுவதற்கு வழக்கமான காரணம், இரண்டு நிலைகளுக்கு நடுவே நோயாளி தலையைச் சற்றுத் தூக்கிவிடுவது, இல்லையென்றால் தலை போதிய அளவு தொங்காமல் இருப்பது. வயதானவர்களுக்குக் கழுத்து அவ்வளவு வளையாது என்றால் தோளுக்கடியில் தலையணை வைத்துப் படுக்க வைத்தாலும், கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினாலும் அதே கோணம் கிடைக்கும். முடக்குவாதத்தால் கழுத்தெலும்பு தளர்ந்தவர்கள், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் கடும் அடைப்பு உள்ளவர்கள், அண்மையில் விழித்திரை விலகியவர்கள் ஆகியோருக்கு இதை மருத்துவர் யோசித்தே செய்ய வேண்டும்.

பின்புறக் குழாயிலிருந்து வெளியேறிய படிகம் சிலநேரம் வழிதவறிக் கிடைமட்டக் குழாய்க்குள் போய்விடும். அப்போது சுற்றல் முன்பைவிடப் பலமாக, இரண்டு பக்கம் புரண்டாலும் வரும், கண் மேலே துடிக்காமல் பக்கவாட்டில் துடிக்கும். எப்லி முறை அதற்கு உதவாது. படுத்தபடியே உடம்பை ஒரு முழுச் சுற்று உருட்டும் வேறு முறை இருக்கிறது. முன்பு இல்லாத வகையில் சுற்றுகிறது என்று நோயாளி சொன்னால் முறை தோற்றதாக நினைத்து எப்லியையே திரும்பத் திரும்பச் செய்யாமல், குழாய் மாறிவிட்டதா என்று சோதிக்க வேண்டும்.

முடிந்தபின் இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்கு, குனியாதே என்று முன்பு சொன்னார்கள். அப்படிச் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று பிறகு தெரிந்தது. சில நாள் மிதப்பதுபோல ஒரு தள்ளாட்டம் இருக்கும், தானே போய்விடும்.

மாத்திரை விஷயம். பீட்டாஹிஸ்டின், சின்னரிசின், புரோகுளோர்பெரசின் ஆகியவை நம் மருந்துச் சீட்டுகளில் தலைசுற்றல் என்றதும் எழுதப்படுபவை. குழாய்க்குள் கிடக்கும் கல்லை எந்த மாத்திரையும் வெளியே எடுக்காது. வாந்தியை அடக்க, சிகிச்சைக்கு முன் ஒருவேளை கொடுப்பதில் தவறில்லை. மாதக்கணக்கில் சாப்பிடுவதற்கு நியாயம் எதுவும் இல்லை, வயதானவர்களுக்குத் தூக்கக் கலக்கமும் தடுமாற்றமும்தான் மிஞ்சும்.

எல்லாச் சுழற்சியும் படிகத்தால் வருவதில்லை. அசையாமல் கிடந்தாலும் நாள்கணக்கில் நிற்காமல் சுற்றினால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். காது அடைத்து, இரைச்சலோடு மணிக்கணக்கில் சுற்றினால் மெனியர் நோய் இருக்கலாம். சுற்றலோடு பேச்சு குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், ஒரு கை கால் மரத்தால், பிடிக்காமல் நிற்கவே முடியாவிட்டால், இதுவரை இல்லாத கடும் தலைவலி வந்தால் மூளையின் பின்பகுதிக்குப் போகும் ரத்தம் தடைபட்டிருக்கலாம். சோதனையில் கண் தாமதமின்றி நேர்கீழாக மட்டும் துடித்து, நிற்காமல் போனாலும் மூளையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அங்கே எப்லி செய்து நேரத்தைக் கழிக்கக்கூடாது, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

படிகத்தால் வந்தது குணமானாலும் திரும்ப வரக்கூடியது. ஐந்தாண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் திரும்புகிறது. வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் ஈடுசெய்தால் இது ஓரளவு குறைகிறது என்று 2020-இல் வெளியான கொரிய ஆய்வு காட்டியது. திரும்பி வந்தால் பழைய சீட்டைத் தேடி எடுத்து மாத்திரை வாங்காதீர்கள். வீட்டிலேயே செய்துகொள்ளக் கற்றவர்களும், போன முறை வலது காது என்பதற்காக இந்த முறையும் வலப்பக்கமே தொடங்கிவிடாதீர்கள். எந்தப் பக்கம் என்று மறுபடி டிக்ஸ்–ஹால்பைக் சோதனை செய்து பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள்.